வெற்றிடத்தைப் படியெடுப்பது எப்படி?

(கணினி ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

பாடப்புத்தகத்தில் அச்சான ஒரு நிரலைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தைப் பார்த்து எழுத்துக் கோப்பாக மாற்றுவது பற்றி இன்று பேசப்போகிறேன். இதில் பேச என்ன இருக்கிறது, பார்த்து டைப் அடிக்க வேண்டியதுதானே என்று உள்ளே வரும்போதே ஒருவர் கேட்டார். இன்னொருவர், படமே கையில் இருக்கும்போது எதற்காக டைப் அடிக்க வேண்டும் என்றார். முதலில் இரண்டாமவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்கிற ஒரு பார்வையற்ற மாணவருக்கு, நிரலின் படம் எதையும் சொல்லாது. அவருடைய கணினியில் இருக்கும் திரைவாசிப்பான், படத்தை வழக்கமாகப் 'படம்' என்று மட்டுமே அறிவிக்கும். அதே நிரல் எழுத்தாக இருந்தால் வரி வரியாகப் படித்துக்காட்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் உருவாகத் தொடங்கி, இன்று இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில், வரியின் உள்தள்ளலைச் சொல்லும்படி அமைத்துக்கொள்ள வசதி உண்டு. "நான்கு இடைவெளி" என்று பேச்சாகவும் கேட்கலாம், ஒலியாகவும் கேட்கலாம். ஒலியாக வைத்தால், ஒவ்வோர் இடைவெளிக்கும் சுருதி சற்று உயர்ந்துகொண்டே போகும். ஆக, நீங்கள் கோப்பில் எத்தனை இடைவெளி வைத்தீர்களோ அதுதான் அவர் காதில் விழும் நிரல். ஒன்றைத் தவறாக வைத்துவிட்டால், புத்தகத்தை ஒரு பார்வை பார்த்து அதைச் சரிசெய்துகொள்ள அவருக்கு வழியில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பார்த்து டைப் அடித்தால் போதாதா? பதினொன்றாம் வகுப்பில் வரும் சி++ என்றால் ஓரளவு போதும். அங்கே எது எதற்குள் அடங்கும் என்பதை அடைப்புக்குறிகள் சொல்லிவிடுகின்றன. உள்தள்ளல் முழுக்கத் தொலைந்துபோனாலும், எடிட்டரே அடைப்புக்குறிகளை எண்ணி அதைத் திரும்பக் கட்டிவிடும். பைத்தானில் அந்தக் குறிகளே இல்லை. வரியின் தொடக்கத்தில் உள்ள வெற்றிடம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது தொலைந்தால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, ஏனென்றால் அந்தத் தகவல் வேறெங்கும் எழுதப்படவில்லை.

ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். கொடுத்த எண் பகா எண்ணா என்று பார்க்கும் நிரல்.

```python
def is_prime(n):
    for i in range(2, n):
        if n % i == 0:
            return False
    return True

print(is_prime(7))
```

முதல் நான்கு வரிகள் இடப்பக்கத்தின் அடியில் முடிந்துவிட்டன, `return True` என்ற வரி வலப்பக்கத்தின் தலைப்பில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோப்பவருக்கு இது சாதாரண பக்க முறிவு. படியெடுப்பவருக்கு இதுதான் முழு நிரலிலும் ஆபத்தான இடம். `return False` என்று இப்போதுதான் அடித்து முடித்தோம், எடிட்டர் தானாகவே நம்மை ஓர் ஆழத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. அடுத்த பக்கத்தின் முதல் வரிக்கு மேலே ஒப்பிட எதுவும் இல்லை. கை ஒரு நிலை மட்டும் பின்னால் வந்து, `if`-க்கு நேராக எட்டு இடைவெளியில் அந்த வரியை வைத்துவிடுகிறது.

இப்போது இயக்கிப் பாருங்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. 7 பகா எண்ணா என்றால் `True` என்று வரும். புத்தகத்தில் அச்சாகியிருக்கும் வெளியீடும் `True`தான். 4 கொடுங்கள், 10 கொடுங்கள், இரண்டுக்கும் `False` என்று சரியாகவே வரும். 9 கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். 9-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி இருக்கிறது. அந்த ஒரு சோதனையோடு, 3-ஐப் பார்க்காமலே, நிரல் `True` என்று திரும்பிவிடுகிறது. 2 கொடுத்தால் சுழற்சிக்குள்ளேயே நுழையாமல் `None` என்று வரும். அதாவது, நாம் எழுதியது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கும் நிரலாகிவிட்டது. பெயர் மட்டும் `is_prime`.

இதனால்தான் "ஓட்டிப் பார்த்தேன், ஓடியது" என்ற சாட்சியத்தை இந்த வேலையில் நான் ஏற்பதில்லை. ஓடாத நிரல் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். `for` வரிக்குக் கீழே உள்தள்ள மறந்தால் `IndentationError` என்று பைத்தான் வரி எண்ணோடு சொல்லும். ஓடுகிற தவறுதான் மாணவரின் வீடு வரை போகும்.

சரி, அந்த வரி நான்கில் நிற்கிறதா, எட்டில் நிற்கிறதா என்று படத்திலிருந்து எப்படி அறிவது? நிரல்கள் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில்தான் அச்சாகின்றன. `i`-க்கும் `m`-க்கும் அதில் ஒரே இடம்தான். இடைவெளிக்கும் அதே இடம். அப்படியென்றால், பக்கத்திலேயே ஓர் அளவுகோல் அச்சாகிக் கிடக்கிறது என்று பொருள். வலப்பக்கத்தில் `return True`-க்கு இரண்டு வரி கீழே `print(is_prime(7))` இருக்கிறதல்லவா? அது ஓரத்திலேயே, அதாவது பூஜ்யத்தில், தொடங்குகிறது. `p` பூஜ்யம், `r` ஒன்று, `i` இரண்டு, `n` மூன்று, `t` நான்கு. `return`-இன் முதல் எழுத்தான `r`, கீழே உள்ள `print`-இன் `t`-க்கு நேர் மேலே நின்றால் நான்கு இடைவெளி. `is_prime`-இல் உள்ள அடிக்கோட்டுக்கு நேர் மேலே நின்றால் எட்டு. படத்தைப் பெரிதாக்கி, ஒரு காகிதத்தின் விளிம்பை நெட்டுக்குத்தாக வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். படம் சாய்ந்திருந்தால், காகிதத்தைத் திரையின் ஓரத்துக்கு நேராக வைக்காமல், எழுத்து வரிக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும்.

பிக்சல் கணக்கிலும் இதைச் செய்யலாம். `print(is_prime(7))` என்பதில் 18 எழுத்துகள். முதல் எழுத்தின் நடுவிலிருந்து கடைசி எழுத்தின் நடுவுக்கு 374 பிக்சல் என்றால், நடுவில் உள்ளவை 17 அடிகள், ஓர் அடிக்கு 22 பிக்சல். `r` ஓரத்திலிருந்து 88 பிக்சல் தள்ளி நின்றால் நான்கு. ஆனால் இந்தக் கணக்கை முழுவதும் நம்ப வேண்டாம். வலப்பக்கத்தின் இடது ஓரம் எங்கே இருக்கிறது? தையலுக்குப் பக்கத்தில். தடித்த புத்தகத்தைப் பிரித்து வைத்தால், தையல் பக்கம் தாள் வளைந்து உள்ளே போகிறது. அங்கே எழுத்துகள் படத்தில் நெருங்கி ஒல்லியாகத் தெரியும். உள்தள்ளல் இருப்பதும் சரியாக அங்கேதான். வரியின் வலது பாதியில் 22 பிக்சலாக இருக்கும் ஓர் அடி, தையலோரம் 19 ஆகக் குறைந்திருக்கும். 76 பிக்சலை 22-ஆல் வகுத்து "மூன்றரை" என்று விடை வந்து விழிப்போம். அண்டை வரியின் எழுத்துக்கு நேராகப் பார்க்கும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. மேல்வரி எவ்வளவு சுருங்குகிறதோ, கீழ்வரியும் அதே அளவு சுருங்கியிருக்கும்.

படம் எடுக்கும்போதே பாதித் தொல்லையைக் குறைக்கலாம். இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடைக்காதீர்கள். பக்கத்துக்கு ஒரு படம் எடுங்கள், எடுக்கும் பக்கத்தைத் தட்டையாக அழுத்திப் பிடியுங்கள், போனைத் தாளுக்கு இணையாக வையுங்கள். மிக அருகில் போவதைவிடச் சற்று உயரத்திலிருந்து பெரிதாக்கி எடுத்தால் வளைவும் சாய்வும் குறையும். பக்கத்தின் கடைசி வரிக்கும் கீழே கொஞ்சம் வெள்ளைத்தாள் தெரியட்டும். அடிக்கோட்டுக் குறி வரியின் அடிமட்டத்தில்தான் இருக்கிறது. ஓரம் வெட்டுப்பட்டால் முதலில் காணாமல் போவது அதுதான்.

அந்த அடிக்கோட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பைத்தானில் வகுப்பு எழுதும்போது `__init__` என்று வரும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அச்சில் இரண்டு அடிக்கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாகத் தெரியும். பார்த்தவர் `_init_` என்று அடித்துவிடுவார். வகுப்பை வரையறுக்கும் வரியில் பைத்தான் வாயே திறக்காது, ஏனென்றால் `_init_` என்பதும் செல்லத்தக்க பெயர்தான். பிறகு `Student("Mala", 92)` என்று ஒரு பொருளை உருவாக்கும்போதுதான் `TypeError: Student() takes no arguments` என்று எங்கேயோ ஒரு வரியைக் காட்டிப் புகார் செய்யும். மாணவர் அந்த வரியையே முறைத்துக்கொண்டிருப்பார். தவறு பத்து வரிக்கு மேலே இருக்கும். இதற்கும் அதே அளவுகோல்தான். மேலே அல்லது கீழே உள்ள வரியில் அந்தக் கோடு எத்தனை எழுத்துகளின் அகலத்தை அடைக்கிறது என்று பாருங்கள். இரண்டு எழுத்தின் அகலம் என்றால் இரண்டு அடிக்கோடு.

`1`, சிறிய `l`, பெரிய `I` ஆகியவற்றின் குழப்பமும் `0`, `O` குழப்பமும் எல்லோருக்கும் தெரிந்தவை. இதில் ஊகிக்காதீர்கள். அதே படத்தில், சந்தேகமே இல்லாத ஓரிடத்தில் அந்த எழுத்து எப்படி இருக்கிறது என்று தேடுங்கள். `False`-இல் இருப்பது நிச்சயம் `l`தான். அதன் காலையும் தலையையும் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்குரியதற்குத் திரும்புங்கள்.

மேற்கோள்குறி வேறு வகைத் தொல்லை. இங்கே படம் சரியாகவே தெரியும், நாமும் கண்ணால் கண்டதையே வைப்போம், அதுவே தவறாகிவிடும். புத்தகம் தயாரித்த மென்பொருள், நேரான மேற்கோளை அழகுபடுத்துவதாக நினைத்துச் சுருள் மேற்கோளாக மாற்றியிருக்கும். இரண்டு கழித்தல் குறிகளைச் சேர்த்து ஒரு நீளக் கோடாக்கியிருக்கும். கணினிக்கு இவை வெவ்வேறு எழுத்துகள். சுருள் மேற்கோளோடு இயக்கினால் இப்படி வரும்:

```
SyntaxError: invalid character '“' (U+201C)
```

"அப்படியே படியெடு" என்பதற்கு இங்கே என்ன பொருள்? நிரலை எழுதியவர் விசைப்பலகையில் அடித்தது நேரான குறி. சுருள் வடிவம் அச்சகத்தின் அலங்காரம். நிரலாசிரியர் அடித்ததைத்தான் நாம் மீட்க வேண்டும். பக்கத்தின் அகலம் போதாமல் அச்சில் இரண்டாக உடைந்த வரியையும் அப்படியே நடத்துங்கள். உடைத்தது அச்சுக்கோப்பு என்று தெரிந்தால் கோப்பில் ஒரே வரியாகச் சேர்த்துவிடலாம். வரி எண்கள் அச்சாகியிருந்தால் அவையும் அலங்காரமே. ஆனால் தூக்கி எறியும் முன் அவற்றை ஒரு தடவை பயன்படுத்திக்கொள்ளுங்கள். எந்த வரி உடைந்தது, எந்த வரி விடுபட்டது என்பதற்கு அவைதான் சாட்சி.

எழுத்துணரி மென்பொருள் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். எழுத்துகளை அடிக்கும் உழைப்பை அது மிச்சப்படுத்தும், பயன்படுத்துங்கள். 1980-களில் எச்.பி. ஆய்வகத்தில் பிறந்து, 2005-இல் திறமூலமாக வெளிவந்த டெஸ்ஸராக்ட் நல்ல கருவிதான். ஆனால் அது உரைநடையைப் படிக்கப் பழகியது. அதன் சாதாரண எழுத்து வெளியீட்டில் வரித்தொடக்க வெற்றிடம் இருக்காது, எல்லா வரியும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காக்க அதில் ஓர் அமைப்பு உண்டு. ஆனால் அது வரியின் தொடக்கத்துக்கு உதவாது. அதற்கு வேறு வழி இருக்கிறது:

```
tesseract page.png out --psm 6 tsv
```

இப்படிக் கேட்டால், ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே நிற்கிறது என்பதை அட்டவணையாகத் தரும். அதில் `left` என்ற பத்தி, சொல்லின் இடது விளிம்பு எத்தனையாவது பிக்சலில் இருக்கிறது என்று சொல்கிறது. ஓரத்தில் தொடங்கும் ஒரு வரியின் `left` எண்ணை அதிலிருந்து கழித்து, மீதியை ஓர் எழுத்தின் அகலத்தால் வகுத்து உள்தள்ளலைக் கணக்கிட்டுவிடலாம். முன்பு சொன்ன தையலோரச் சுருக்கம் இங்கேயும் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பக்க முறிவுக்கு அடுத்த வரியைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

அடித்த பிறகு மெய்ப்புப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தவறுகளை முதலில் கணினியைக் கொண்டே பிடித்துவிடுங்கள்.

```
grep -nP '[^\x00-\x7F]' prime.py
cat -A prime.py
```

முதல் கட்டளை, ஆங்கில விசைப்பலகையில் இல்லாத எழுத்து எந்த வரியில் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். சுருள் மேற்கோள், நீளக் கோடு, இடைவெளி போலவே நடிக்கும் வேறு இடைவெளி எல்லாம் அகப்பட்டுவிடும். நிரலுக்குள் தமிழ்ச் சொற்கள் இருந்தால் அந்த வரிகளும் வரும். அவற்றை நாமே பார்த்து விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாவது கட்டளை டேப் இருக்குமிடத்தில் `^I` என்றும் வரி முடிவில் `$` என்றும் காட்டும். அச்சில் பார்த்து, அது டேப்பா இடைவெளியா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பைத்தானில் எல்லாவற்றையும் இடைவெளியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் `TabError` வரக்கூடும். மேக்ஃபைல் மட்டும் விதிவிலக்கு. அதில் கட்டளை வரிகள் வழக்கமாக டேப்பில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் `missing separator` என்று நின்றுவிடும்.

அதன்பிறகு, இரண்டு பேர் தனித்தனியாக அடித்து, `diff` போட்டு ஒப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்தவரை சிறந்த வழி. ஒருவர் அடித்ததை மற்றவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. முன்னால் ஒரு வடிவம் இருந்தால் கண் அதோடு ஒத்துப்போய்விடும். தனித்தனியாக அடித்த இருவரும் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்வது அரிது. பக்க முறிவில் மட்டும் இருவரும் சேர்ந்து சறுக்க வாய்ப்புண்டு, அதனால்தான் அந்த இடத்தை அத்தனை தடவை சொன்னேன். இரண்டாம் ஆள் கிடைக்காதவர்கள், கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிச் சரிபாருங்கள். நிரலின் அர்த்தம் கண்ணை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கும்.

அச்சிட்ட நிரலை ஓரிடைவெளி பிசகாமல் மீட்டதற்கு வரலாற்றில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1990-களில், வலுவான மறையாக்க மென்பொருளை மின்வடிவில் வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் தடை விதித்திருந்தது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. பிலிப் ஸிம்மர்மன் எழுதிய பிஜிபி நிரலின் மூலத்தை 1995-இல் எம்.ஐ.டி. பிரஸ் புத்தகமாகவே வெளியிட்டது. 1997-இல் பிஜிபி 5.0-இன் மூலநிரலும் பல தொகுதிகளாக அச்சாகி, ஐரோப்பாவுக்குப் போய், அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மீட்டெடுத்தார்கள். அந்தத் தொகுதிகளைத் தயாரித்தவர்கள் படியெடுப்பவரின் கஷ்டத்தை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ஒவ்வொரு வரியின் தலையிலும் அந்த வரிக்கான சரிபார்ப்பு எண் அச்சாகியிருந்தது. டேப்பும் தொடர் இடைவெளிகளும் கண்ணுக்குத் தெரியும் குறிகளாக அச்சாகியிருந்தன. ஓர் இடைவெளி குறைந்தாலும் சரிபார்ப்பு எண் ஒத்துவராது, எந்த வரி என்றும் உடனே தெரிந்துவிடும். நம் பாடப்புத்தகங்களில் அந்த வசதி இல்லை. அதனால்தான் இரண்டு பேர், `diff`, காகித விளிம்பு என்றெல்லாம் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. மேலே காட்டிய நிரலுக்கு 1 கொடுத்துப் பாருங்கள். சரியாகப் படியெடுத்த வடிவத்திலேயே `True` என்று வரும். 1 பகா எண் அல்ல. இது நிரலாசிரியரின் தவறு, படியெடுத்தவரின் தவறு அல்ல. கை துறுதுறுக்கும், ஒரு `if` சேர்த்துவிடலாம் என்று தோன்றும். சேர்க்காதீர்கள். வகுப்பில் ஆசிரியர் "மூன்றாவது வரியைப் பாருங்கள்" என்றால், நம் மாணவரின் மூன்றாவது வரியும் அதுவாகவே இருக்க வேண்டும். தேர்வில் "இந்த நிரலில் என்ன பிழை" என்றே கேட்டாலும் கேட்கலாம். நீங்கள் கண்ட பிழையைத் தனிக் குறிப்புக் கோப்பில், வரி எண்ணோடு எழுதி வையுங்கள்.

இந்த வேலையை எடுத்துக்கொள்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பின் பெயரில் பாடத்தையும் பக்க எண்ணையும் போடுங்கள். புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று குறிப்புக் கோப்பில் எழுதுங்கள், பதிப்பு மாறினால் நிரலும் மாறும். நீங்கள் எடுத்த படத்தையும் அதே உறையில் சேர்த்து வையுங்கள். நாளைக்கு யாருக்காவது ஒரு வரியில் சந்தேகம் வந்தால், புத்தகத்தைத் தேடி அலையாமல் அங்கேயே பார்த்துத் தீர்த்துக்கொள்ளட்டும்.